கையேட்டை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்

உங்கள் பள்ளியின் கணினிக் கழகம் ஒரு கேள்வி-பதில் செயலியை உருவாக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் கையேட்டில் உள்ள எந்த விதியைப் பற்றிக் கேட்டாலும் அது பதில் சொல்ல வேண்டும். குழு கூடியதும் யாராவது ஒருவர் சொல்வார்: "கையேடு முழுவதையும் மொழி மாதிரிக்குக் கற்றுக்கொடுத்துவிடுவோம். பிறகு அதற்கு எல்லாம் தெரிந்துவிடும்."

கேட்க நன்றாக இருக்கும் யோசனைதான். ஆனால் இத்தகைய வேலைக்கு அது தவறான யோசனை என்பது என் கருத்து. மொழி மாதிரிக்குத் தகவல் தேவைப்பட்டால் அதைத் தேடி எடுத்துக் கையில் கொடுங்கள். பழக்கமோ திறனோ தேவைப்பட்டால் மட்டும் பயிற்சி கொடுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் குழுக்கள் பணத்தை இழக்கின்றன. அதைவிட முக்கியமாக, பயனாளர்களுக்குத் தவறான விவரத்தைத் துணிச்சலாகச் சொல்லும் செயலியைச் செய்துவிடுகின்றன.

இரண்டு வழிகள்

முதல் வழிக்கு ஃபைன்-டியூனிங் என்று பெயர். தமிழில் மேற்பயிற்சி எனலாம். ஒரு மொழி மாதிரி என்பது கோடிக்கணக்கான எண்களின் தொகுப்பு. மேற்பயிற்சியின்போது கேள்வியையும் சரியான பதிலையும் இணை இணையாக அதற்குக் காட்டுகிறோம். மாதிரி சொல்லும் பதில் சரியான பதிலிலிருந்து விலகும் ஒவ்வொரு முறையும் அந்த எண்கள் மிகச் சிறிதளவு திருத்தப்படுகின்றன. எல்லா எண்களையும் திருத்துவது பெருஞ்செலவு. அதனால் 2021இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 'லோரா' என்ற முறையை வெளியிட்டார்கள். அதில் பழைய எண்கள் அப்படியே இருக்க, பக்கத்தில் சேர்க்கப்படும் ஒரு சிறு தொகுப்பு மட்டுமே பயிற்சி பெறுகிறது. இன்று பள்ளிக் குழுவும் மேற்பயிற்சியைப் பற்றிப் பேச முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி ரிட்ரீவல், அதாவது தேடித் தருதல். 2020இல் ஃபேஸ்புக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய சகாக்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரையால் இது 'ராக்' என்ற பெயரில் பரவியது. இதன் இன்றைய எளிய வடிவத்தில் மாதிரியின் எண்களை யாரும் தொடுவதில்லை. கேள்வி வந்ததும் ஒரு தேடுபொறி கையேட்டிலிருந்து பொருத்தமான சில பத்திகளை எடுத்து, கேள்விக்கு மேலே ஒட்டுகிறது. "இந்தப் பத்திகளைப் படித்துவிட்டுப் பதில் சொல்" என்று மாதிரியிடம் சொல்லப்படுகிறது. அவ்வளவுதான்.

பத்துக் காசு இருபது காசானால்

நம் கையேட்டில் 40 பக்கங்கள், ஏறத்தாழ 15,000 ஆங்கிலச் சொற்கள் உள்ளன என்று கொள்வோம். அதில் ஒரு விதி: நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் நாளொன்றுக்கு 10 காசு. ஜூலை மாதத்தில் பள்ளி அதை 20 காசாக உயர்த்துகிறது.

தேடித் தரும் செயலியில் என்ன செய்ய வேண்டும்? கையேட்டின் கோப்பில் ஒரு வரியைத் திருத்திவிட்டு, அந்தப் பத்தியைத் தேடுபொறியில் மீண்டும் பதிய வேண்டும். ஐந்து நிமிட வேலை. அடுத்த கேள்விக்கே புதிய பதில் வந்துவிடும்.

மேற்பயிற்சி பெற்ற மாதிரியில் '10 காசு' எங்கே இருக்கிறது? எந்த ஓர் இடத்திலும் இல்லை. அது லட்சக்கணக்கான எண்களில் சிதறிக் கிடக்கிறது. அழிப்பானால் அழித்துவிட்டு மேலே எழுத முடியாது. அபராதத்தைப் பற்றிய புதிய கேள்வி-பதில் இணைகளை எழுதி மீண்டும் பயிற்சி கொடுக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு விதமாகக் கேட்டால் 20 காசு என்றும், இன்னொரு விதமாகக் கேட்டால் 10 காசு என்றும் சொல்லக்கூடும். தவறாகச் சொல்லும்போது அதன் குரலில் தயக்கம் இருக்காது.

இது வெறும் அச்சமில்லை. 2023இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இந்த இரு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். மாதிரிக்குத் தெரியாத புதிய நிகழ்வுகளையும் அதற்கு ஓரளவு தெரிந்த பாடங்களையும் பற்றிக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். தகவலைச் சேர்ப்பதில் தேடித் தரும் வழியே தொடர்ந்து முன்னிலை வகித்தது. ஒரே செய்தியைப் பல விதமான வாக்கியங்களில் திரும்பத் திரும்பக் காட்டினால்தான் மேற்பயிற்சியில் முன்னேற்றம் தெரிந்தது. நம் கையேட்டில் ஒவ்வொரு விதியும் ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிட வியப்பானது. இல்லாத ஆட்களைப் பற்றிய கற்பனைச் செய்திகளை ஆய்வாளர்கள் மாதிரிகளுக்கு மேற்பயிற்சியாகக் கொடுத்தார்கள். "இன்னார்தான் இந்த இசையை அமைத்தவர்" என்ற வரிசையில் கற்ற மாதிரியிடம், "இந்த இசையை அமைத்தவர் யார்?" என்று திருப்பிக் கேட்டால் அதற்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கு ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கமும் தெரியும். மாதிரி கற்றதோ செய்தியை அன்று, சொற்கள் வரும் வரிசையை. அதே வாக்கியத்தை அதன் கண்முன்னே ஒட்டிவிட்டுக் கேட்டால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

தவறுக்குப் பொறுப்பு யாருக்கு?

தவறான விவரம் என்பது சிறிய விஷயமன்று. கனடாவின் ஏர் கனடா நிறுவனத்தின் இணையத்தள உரையாடல் செயலியிடம் ஒரு பயணி, குடும்பத்தில் இறப்பு நேர்ந்தவர்களுக்கான சலுகைக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டார். பயணச்சீட்டு வாங்கிய 90 நாளுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று செயலி சொன்னது. நிறுவனத்தின் சலுகைப் பக்கத்திலோ, பயணம் முடிந்த பிறகு சலுகை கேட்க முடியாது என்று எழுதியிருந்தது. செயலி தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதுபோல் நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் பயணிக்குச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது.

அந்தச் செயலி எப்படி உருவாக்கப்பட்டது என்பது இங்கு முக்கியமில்லை. சரியான பக்கம் இருந்தும் பதில் அந்தப் பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதே முக்கியம். தேடித் தரும் வழியில் பதிலுக்குக் கீழே "கையேடு, பக்கம் 17" என்று காட்டலாம். மாணவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்க்கலாம். மேற்பயிற்சி மட்டும் பெற்ற மாதிரியால் தன் பதில் எங்கிருந்து வந்தது என்று நம்பத்தக்க வகையில் சொல்ல முடியாது. விதிகளைப் பற்றிய செயலிக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

தேடலும் சறுக்கும்

அதற்காகத் தேடித் தரும் வழி பிழையில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் எங்கே சறுக்கும் என்று தெரியும்.

முதலில் கையேட்டை 200 சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறோம். 75 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டின் பொருளையும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றுகிறோம். பொருளில் நெருங்கிய துண்டுகளுக்கு நெருங்கிய எண்கள் கிடைக்கும். கேள்வியையும் அப்படியே எண்ணாக்கி, அதற்கு மிக அருகில் உள்ள மூன்று துண்டுகளை எடுக்கிறோம்.

இப்போது நூலக விதியைப் பாருங்கள். "நாளொன்றுக்கு 10 காசு. பள்ளி விடுமுறை நாள்கள் கணக்கில் சேரா." வெட்டும்போது முதல் வாக்கியம் ஒரு துண்டின் கடைசியிலும் இரண்டாம் வாக்கியம் அடுத்த துண்டின் தொடக்கத்திலும் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி ஜூன் விடுமுறையைத் தாண்டி, 30 நாள் தாமதமாகப் புத்தகத்தைத் திருப்புகிறாள். அதில் 28 நாள் விடுமுறை. செயலிக்கு முதல் துண்டு மட்டும் கிடைத்தால், 3 வெள்ளி என்று பதில் சொல்லும். சரியான பதில் 20 காசு.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செயலி தேடி எடுத்த மூன்று துண்டுகளையும் திரையில் காட்டச் செய்யுங்கள். தேவையான வாக்கியம் அவற்றில் இல்லை என்றால் குற்றம் தேடலில் இருக்கிறது. வாக்கியம் இருந்தும் பதில் தவறு என்றால் குற்றம் மாதிரியிடம் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் "மாதிரி முட்டாள், பயிற்சி கொடுப்போம்" என்று முடிவெடுப்பவர்கள் நோய் ஒன்றிருக்க வேறொன்றுக்கு மருந்து கொடுக்கிறார்கள். மேலே சொன்ன பிழைக்கு மருந்து மலிவானது. விதித் தலைப்பு மாறும் இடத்தில் வெட்டுங்கள். அல்லது ஒவ்வொரு துண்டின் கடைசி இரண்டு வாக்கியங்களை அடுத்த துண்டின் தொடக்கத்திலும் சேர்த்துவிடுங்கள்.

காசுக் கணக்கு

செலவைப் போட்டுப் பார்ப்போம். மொழி மாதிரிகள் உரையை டோக்கன் என்ற சிறு துணுக்குகளாகப் பிரித்துப் படிக்கின்றன. வாடகைக்குக் கிடைக்கும் மாதிரிகளுக்கு அந்த டோக்கன் எண்ணிக்கையை வைத்தே கட்டணம். நம் 15,000 சொற்களுக்கு ஏறத்தாழ 20,000 டோக்கன் ஆகும். கணக்குக்காக, பத்து லட்சம் டோக்கனுக்கு 50 காசு என்று வைத்துக்கொள்வோம். மாதிரி எழுதும் பதிலுக்குத் தனிக் கட்டணம் உண்டு. எந்த வழியிலும் பதில் ஒரே அளவுதான் என்பதால் அதை விட்டுவிடுவோம்.

ஒவ்வொரு கேள்வியோடும் கையேடு முழுவதையும் ஒட்டினால் ஒரு கேள்விக்கு 1 காசு. மாதம் 1,000 கேள்வி வந்தால் 10 வெள்ளி. மூன்று துண்டுகளை மட்டும் தேடி ஒட்டினால், கேள்வியையும் சேர்த்து 900 டோக்கன்தான். 1,000 கேள்விக்கு 45 காசு. மேற்பயிற்சி பெற்ற மாதிரிக்கு ஒட்டவேண்டியது எதுவுமில்லை, அதனால் அந்த 45 காசிலும் பெரும்பகுதி மிச்சம். ஆனால் அந்த மிச்சத்துக்காகக் கேள்வி-பதில் இணைகளை எழுத வேண்டும். ஓர் இணைக்கு இரண்டு நிமிடம் என்றால் 600 இணைகளுக்கு 20 மணி நேரம். விதி மாறும்போதெல்லாம் மறுபடியும் உட்கார வேண்டும். மேற்பயிற்சியில் பெரிய செலவு கணினிக்கு ஆவதில்லை. அது மனிதர்களின் நேரம்.

தமிழில் செயலி செய்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல மாதிரிகள் ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிட அதிகமான டோக்கன்களாக உடைக்கின்றன. அதனால் ஒரே விதியைத் தமிழில் ஒட்டுவதற்குச் செலவு கூடும். ஆனாலும் பள்ளி அளவில் அது சில வெள்ளிதான்.

நாளொன்றுக்குப் பத்து லட்சம் கேள்வி வரும் நிறுவனத்துக்கு இதே கணக்கு வேறு மாதிரி இருக்கும். கேள்விக்கு 900 டோக்கன் வீதம் நாளுக்கு 450 வெள்ளி, ஆண்டுக்கு 1,64,250 வெள்ளி. அங்கே ஒவ்வொரு கேள்வியோடும் "இப்படிப் பேசு, இந்த வடிவில் எழுது" என்று நீண்ட அறிவுரையையும் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைப் பயிற்சியால் பழக்கமாக்கிவிடுவது லாபம். கவனியுங்கள், அப்போதும் பயிற்சிக்குப் போவது நடந்துகொள்ளும் விதம் மட்டுமே. மாறக்கூடிய தகவலைத் தேடித்தான் தர வேண்டும்.

பயிற்சிக்கு உரிய வேலை

அப்படியானால் பள்ளிக் குழு மேற்பயிற்சியை நாடவே கூடாதா? நாடலாம். எடுத்துக்காட்டாக, தமிழ்க் கட்டுரைகளில் ஒற்றுப் பிழையைச் சுட்டிக்காட்டும் செயலியைச் செய்ய விரும்புகிறீர்கள் என்று கொள்வோம்.

வல்லினம் மிகும் இடங்களைக் கூறும் இலக்கணப் பக்கத்தை மாதிரிக்கு ஒட்டிப் பாருங்கள். "அதை பார்த்தேன்" என்பதை "அதைப் பார்த்தேன்" என்று அது திருத்திவிடலாம். ஆனால் "கேட்டுப் பார்த்தான்" என்பதில் 'ப்' வரும், "வந்து பார்த்தான்" என்பதில் வராது. முன்னது வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னது மென்தொடர்க் குற்றியலுகரம். விதி பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பார்த்ததும் அது எந்த வகை என்று பிரித்தறிவது விதியன்று, பழக்கம். நீங்களும் விதியைப் படித்த அன்றே பிழையில்லாமல் எழுதிவிடவில்லை. பல கட்டுரைகள் எழுதித் திருத்தப்பட்ட பிறகுதான் கை பழகியது.

இத்தகைய வேலைக்குப் பயிற்சி தகும். ஒற்று விதி ஜூலையில் மாறப்போவதில்லை. ஒரு முறை செய்த உழைப்பு ஆண்டுக்கணக்கில் பயன்படும். ஆனால் இணைகளைத் தயாரிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 600 இணைகளிலும் பிழையுள்ள வாக்கியங்களையே கொடுத்தால், "எந்த வாக்கியம் வந்தாலும் எதையாவது திருத்த வேண்டும்" என்று மாதிரி பழகிவிடும். பிறகு "வந்து பார்த்தான்" என்று சரியாக எழுதியவரிடமும் 'ப்' சேர்க்கச் சொல்லும். அதனால் பாதிக்குப் பாதி சரியான வாக்கியங்களைக் கொடுத்து, "பிழை இல்லை" என்ற பதிலையும் கற்பிக்க வேண்டும்.

பயிற்சி பலித்ததா என்று அறிய, 100 வாக்கியங்களைத் தொடக்கத்திலேயே தனியே எடுத்து வையுங்கள். அவற்றைப் பயிற்சியில் காட்டவே கூடாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே 100 வாக்கியங்களைக் கொடுத்து இரண்டு எண்ணிக்கைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பிழையைக் கண்டுபிடித்தது, எத்தனை சரியான வாக்கியத்தைக் கெடுத்தது. முதல் எண் ஏறி இரண்டாவது எண்ணும் ஏறினால் அந்தப் பயிற்சியால் பலனில்லை.

இதையே பெரிய அளவில் செய்ததை நம் சிங்கப்பூரிலேயே காணலாம். ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் மாதிரிகள் தமிழ் உள்ளிட்ட இவ்வட்டார மொழிகளுக்கானவை. அதன் பிந்தைய பதிப்புகள் சில, கூகலின் ஜெம்மா, மெட்டாவின் லாமா போன்ற மாதிரிகளை எடுத்து, இம்மொழிகளின் உரைகளால் மேலும் பயிற்றப்பட்டவை. அது நம் லோரா பயிற்சியைவிடப் பல மடங்கு பெரிய வேலை. ஆனால் காரணம் ஒன்றுதான். ஒரு மொழியைப் பேசும் திறனை மூன்று துண்டுகளாக வெட்டிக் கேள்விக்கு மேலே ஒட்ட முடியாது.

எந்த வரிசையில் செய்வது?

இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். சேர்க்கலாம். பெரிய நிறுவனங்கள் சேர்க்கவும் செய்கின்றன. என் மறுப்பெல்லாம் பயிற்சியிலிருந்து தொடங்குவதற்குத்தான். செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிப் போவதே முறை.

எந்த நிரலும் எழுதுவதற்கு முன், மாணவர்கள் கேட்கக்கூடிய 20 கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உரிய பக்கத்தை நீங்களே கையால் எடுத்து ஒட்டி, மாதிரியிடம் கேளுங்கள். பதில்கள் சரியாக வந்தால் மாதிரிக்குக் குறையாக இருந்தது தகவல் மட்டுமே. தேடும் பகுதியைக் கட்டுங்கள், பயிற்சியை மறந்துவிடுங்கள். சரியான பக்கம் கையில் இருந்தும் பதில் தவறினால், அறிவுரையைத் தெளிவாக்கி, நான்கைந்து எடுத்துக்காட்டுகளைக் கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாத பிழை, அதுவும் மாறாத ஒரு திறன் சார்ந்த பிழை என்றால் மட்டும் 600 இணைகளை எழுத உட்காருங்கள்.

இந்த 20 கேள்விச் சோதனைக்கு ஒரு மதிய நேரம் போதும். 20 மணி நேர உழைப்பு தேவையா, ஐந்து நிமிடத் திருத்தம் போதுமா என்பது அன்று மாலைக்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.